ஐபிஓ விழுந்ததா, விழவில்லையா: நோட்டுப் புத்தகம் சொன்ன கணக்கு

என்னிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. நிறுவனங்கள் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பதைத்தான் ஐபிஓ என்கிறார்கள். 2021இல் டீமேட் கணக்கு திறந்ததிலிருந்து போட்ட ஒவ்வொரு ஐபிஓவையும் அதில் ஒரு வரியாக எழுதிவைத்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர், எத்தனை லாட் அதாவது எத்தனை பங்குக் கட்டு, கேட்டது எனக்கு விழுந்ததா இல்லையா, பங்கு சந்தையில் வியாபாரத்துக்கு வரும் லிஸ்டிங் அன்று காலை 10 மணிக்கு என்ன விலை, அவ்வளவுதான். கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன் நான், எதையும் வரி வரியாக எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 38 விண்ணப்பம். விழுந்தது 9. அந்த ஒன்பதில் ஐந்து, லிஸ்டிங் அன்றே வெளியீட்டு விலைக்குக் கீழே போனவை. விழாத 29இல் கீழே போனவை மூன்றே மூன்று. ‘விழுந்தது’ என்ற சொல்லுக்கே இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில் இதை ராசி என்றுதான் நினைத்தேன். வீட்டிலும் ‘உங்க பேர்ல போடாதீங்க, அத்தை பேர்ல போடுங்க’ என்றார்கள், அம்மா பேரிலும் போட்டுப் பார்த்தோம். அப்புறம் ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து படித்தபோதுதான், இதில் ராசிக்கு வேலையே இல்லை, முழுக்க முழுக்கக் கணக்கு என்று புரிந்தது. அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நிறுவனம் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும்போது அதை மூன்று கூடைகளாகப் பிரிக்கிறார்கள். மியூச்சுவல் ஃபண்டு, காப்பீட்டு நிறுவனம், வெளிநாட்டு நிதி போன்ற பெரிய கைகளுக்கு ஒரு கூடை. இரண்டு லட்சத்துக்கு மேல் போடும் வசதியுள்ளவர்களுக்கு ஒன்று. இரண்டு லட்சம் வரை போடும் நம்மைப் போன்றவர்களுக்கு, அதாவது ரீட்டெய்ல் என்று சொல்லப்படுகிறவர்களுக்கு, ஒன்று. லாப வரலாறு உள்ள நிறுவனம் என்றால் வழக்கமாக நம் கூடைக்கு 35 சதவீதம் வரும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் லாப நிபந்தனைகளை எட்டாத நிறுவனமும் ஐபிஓ போடலாம். ஆனால் அது 75 சதவீதத்தைப் பெரிய கைகளுக்குத்தான் விற்க வேண்டும், நமக்கு 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இது சின்னத் தகவல் மாதிரித் தெரியும், ஆனால் ஆவணத்தைத் திறக்காமலே நிறுவனத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. ரீட்டெய்ல் பங்கு 10 சதவீதம் என்று பார்த்தால், லாபக் கணக்கை அப்புறம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.

சரி, நம் கூடையில் உள்ளதைவிட அதிகம் பேர் கேட்டால் என்ன செய்வார்கள்? எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. கூடையில் உள்ள பங்குகளை லாட் அளவால் வகுத்து, எத்தனை பேருக்கு ஆளுக்கு ஒரு லாட் கொடுக்க முடியும் என்று பார்க்கிறார்கள். விண்ணப்பித்தவர்கள் அதைவிட அதிகம் என்றால் கணினியில் குலுக்கல். பெயர் வந்தால் ஒரு லாட், வராவிட்டால் ஒன்றும் இல்லை. இதில் நீங்கள் ஒரு லாட் கேட்டீர்களா, பதிமூன்று லாட் கேட்டீர்களா என்பதற்கு மதிப்பே கிடையாது. ஒரு விண்ணப்பம் என்றால் ஒரு சீட்டு. இது தெரியாமல் முதல் வருடம் நல்ல கூட்டம் வரும் என்று தெரிந்த ஐபிஓக்களில் எல்லாம் நான்கு லாட், ஐந்து லாட் என்று போட்டு, அறுபதாயிரம் எழுபதாயிரத்தை ஒரு வாரம் முடக்கி வைத்தேன். ஒரு சீட்டுக்கு ஐந்து சீட்டுப் பணம்.

எல்லோரும் கேட்ட பங்குகளைக் கூட்டினாலும் கூடையில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் கதை மாறும். அப்போது குலுக்கலே கிடையாது, கேட்டவர்கள் கேட்டதெல்லாம் கிடைக்கும். ஐந்து லாட் கேட்டிருந்தால் ஐந்தும் உங்கள் தலையில் வந்து உட்காரும்.

இங்கேதான் என் நோட்டின் மர்மம் உடைந்தது. எல்லோரும் ஆசைப்படும் ஐபிஓவில் எனக்குக் கிடைக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று, இருபதில் ஒன்று. யாருக்கும் பிடிக்காத ஐபிஓவில் எனக்கு நிச்சயம் கிடைக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு வருகிற எல்லா ஐபிஓவும் போட்டால், கையில் சேர்வது மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 2023 நவம்பரில் டாடா டெக்னாலஜிஸ் வந்தது. விலை ₹500, லாட் 30 பங்கு, ஆக ₹15,000. லிஸ்டிங் அன்று ₹1,200க்குத் திறந்தது. ஒரு லாட்டுக்கு லாபம் ₹21,000. பேப்பரில், யூடியூபில் எல்லாம் ஒரே கொண்டாட்டம். ஆனால் நம் கூடையில் 16 மடங்குக்கு மேல் கேட்பு இருந்தது. தோராயமாகப் பதினாறு பேரில் ஒருவருக்கு விழுந்தது என்று வைத்தால் (சிலர் பல லாட் கேட்டிருப்பார்கள், அதனால் உண்மையான வாய்ப்பு இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்திருக்கும்) ஒரு விண்ணப்பத்தின் சராசரி மதிப்பு 21,000ஐ 16ஆல் வகுத்தால் வரும் ₹1,300 சொச்சம்தான்.

இதற்கு நேர் எதிர், 2021 நவம்பரில் வந்த பேடிஎம். விலை ₹2,150, லாட் 6 பங்கு, ஆக ₹12,900. மேலே சொன்ன அந்த 10 சதவீத வகை. நம் கூடையில் கேட்பு 1.66 மடங்குதான், அதாவது பத்தில் ஆறு பேருக்காவது விழுந்திருக்கும். முதல் நாள் முடிவில் பங்கு ₹1,560 அளவில் நின்றது. ஒரு லாட்டுக்கு நஷ்டம் ₹3,500. அதைப் பத்தில் ஆறு என்ற வாய்ப்பால் பெருக்கினால் ஒரு விண்ணப்பத்தின் சராசரி நஷ்டம் ₹2,100.

ஒன்றில் லாபம் 140 சதவீதம், இன்னொன்றில் நஷ்டம் 27 சதவீதம். இரண்டையும் போட்டிருந்தால் பெரிய லாபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். விண்ணப்பத்தின் கணக்கில் இரண்டும் சேர்ந்து நஷ்டத்தில் நிற்கின்றன. ‘இந்த வருடம் ஐபிஓக்கள் சராசரியாக இத்தனை சதவீத லாபம் தந்தன’ என்று படிக்கும்போது, அது எல்லாமே கிடைத்த ஒரு கற்பனை ஆளின் லாபம், எனக்கும் உங்களுக்கும் வருவது இல்லை.

இது புரிந்த பிறகு நான் என்னையே கேட்கும் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் ‘லிஸ்டிங்கில் எவ்வளவு ஏறும்?’ என்று கேட்பேன். இப்போது, ‘இது எனக்கு விழுந்துவிட்டால், அதுவும் யாரும் கேட்காததால் விழுந்தால், இந்த விலைக்கு ஒரு வருடம் வைத்திருப்பேனா?’ என்று கேட்கிறேன். வைத்திருப்பேன் என்று சொல்ல முடியாவிட்டால் போடுவதில்லை. அதற்குப் பதில் தேட ஆர்ஹெச்பி என்ற ஆவணத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஆர்ஹெச்பி என்பது ஐபிஓ திறப்பதற்கு முன் நிறுவனம் வெளியிடும் விவர ஆவணம். செபியின் தளத்தில், பங்குச் சந்தைகளின் தளத்தில், ஐபிஓவை நடத்தும் வங்கியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நானூறு ஐந்நூறு பக்கம் இருக்கும், முழுவதும் படிப்பவர் யாரும் இருந்தால் கும்பிடு போடலாம். நான் பிடிஎஃப்-இல் தேடும் பெட்டியில் இரண்டு தலைப்பைத் தட்டி நேராக அங்கே போய்விடுவேன். ஒன்று Objects of the Offer, இன்னொன்று Basis for Offer Price. அப்புறம் ரொக்க ஓட்டக் கணக்கு. நேரம் இருந்தால் இடர்களில் முதல் பத்து. முக்கியமானவற்றைத்தான் முதலில் போடுவார்கள், பின்னால் வருபவற்றில் பாதி எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும் பொது வாசகம்.

உதாரணமாக நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 2024 அக்டோபரில் வந்த ஹூண்டாய் மோட்டார் இந்தியா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998இலிருந்து கார் செய்யும் கம்பெனி, அதன் கார் ஓடாத தெரு இல்லை. ₹27,870 கோடி, அதுவரை இந்தியாவில் வந்ததிலேயே பெரிய ஐபிஓ. என் மச்சினன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான், அவன் போன் போட்டு, ‘மாமா, கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்ல?’ என்றான். கண்ணைத் திறந்து பார்ப்போம் என்றேன்.

முதல் தலைப்பு, பணம் எங்கே போகிறது. ஐபிஓவில் இரண்டு வகை விற்பனை உண்டு. நிறுவனம் புதிதாகப் பங்கு உருவாக்கி விற்றால் அந்தப் பணம் நிறுவனத்துக்குள் வரும், ஆலை கட்டலாம், கடன் அடைக்கலாம். ஏற்கனவே பங்கு வைத்திருப்பவர் தன் பங்கை விற்றால் பணம் அவர் பைக்குப் போகும், நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் வராது. ஹூண்டாயில் 14.2 கோடிப் பங்குகளும் இரண்டாவது வகை. கொரியாவில் உள்ள தாய் நிறுவனம் தன் வசமிருந்ததில் 17.5 சதவீதத்தை விற்றது, பணம் முழுக்க அங்கே. ‘அப்ப மோசம்தானே?’ என்றான் மச்சினன். அப்படிச் சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன டாடா டெக்னாலஜிஸும் முழுக்க முழுக்க இதே வகைதான், எல்.ஐ.சி.யில் அரசாங்கம் விற்றதும் இதே வகைதான். இதில் நாம் தெரிந்துகொள்வது ஒன்றுதான்: நிறுவனத்தை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் இந்த விலைக்கு விற்கத் தயாராக இருக்கிறார். அவர் சகாய விலைக்கு விற்பதற்கு ஏதாவது காரணம் உண்டா என்று யோசிக்க வேண்டும்.

அடுத்து விலை. வெளியீட்டு விலை ₹1,865இலிருந்து ₹1,960 வரை. மேல் விலையை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் நல்ல கேட்பு இருந்தால் அதுதான் இறுதி விலையாகும். மொத்தப் பங்குகள் 81.25 கோடி, ஆக நிறுவனத்தின் மொத்த விலை ₹1,59,000 கோடி சொச்சம். 2023–24 நிதியாண்டின் லாபம் ₹6,060 கோடி. வகுத்தால் 26. ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்கு 26 ரூபாய் கொடுக்கிறோம் என்று அர்த்தம். சந்தையில் ஏற்கனவே இருக்கும் மாருதியும் அப்போது கிட்டத்தட்ட அந்த அளவில்தான், சற்றே மேலே, விற்றுக்கொண்டிருந்தது. அப்படியானால் விலை அநியாயம் இல்லை. ஆனால் புதிதாக வாங்குகிறவனுக்கு என்று எதையும் மிச்சம் வைக்கவும் இல்லை. மாருதியை எந்த நாளும் வாங்கலாம், விண்ணப்பம், குலுக்கல், முடக்கம் எதுவும் வேண்டாம். ஐபிஓவில் வாங்குவதற்கு அதைவிடக் குறைந்த விலை என்ற லாபமாவது இருக்க வேண்டாமா?

மூன்றாவதாக ஒரு விஷயம், இதைக் கவனித்ததற்கு என் தொழில் காரணம். பங்குதாரர் பணத்தின் மீது 56 சதவீதத்துக்கு மேல் லாபம் என்று ஒரு விகிதம் இருந்தது. கார் கம்பெனிக்கு இது நம்ப முடியாத அளவு. பின்னால் போய்ப் பார்த்தால், அதே ஆண்டில் தாய் நிறுவனத்துக்கு ₹10,000 கோடிக்கு மேல் டிவிடெண்ட் கொடுத்திருந்தார்கள். நிறுவனத்தின் நிகர மதிப்பு சுமார் ₹20,000 கோடியிலிருந்து கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. கீழே உள்ள எண் பாதியானால் விகிதம் இரட்டிப்பாகத் தெரியும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, எல்லாம் ஆவணத்திலேயே இருந்தது. விகிதத்தை மட்டும் பார்த்து வாய்பிளப்பவர்தான் ஏமாறுவார்.

நான் போடவில்லை. மச்சினன் போட்டான், ‘நான் அஞ்சு வருஷம் வெச்சிருப்பேன் மாமா’ என்று சொல்லித்தான் போட்டான். மூன்றாம் நாள் முடிவில் பெரிய கைகள் ஏறக்குறைய ஏழு மடங்கு கேட்டிருந்தார்கள், நம் கூடை பாதிதான் நிரம்பியது. ஆகவே அவன் கேட்ட இரண்டு லாட்டும் விழுந்தது. அக்டோபர் 22 அன்று ₹1,934க்குத் திறந்து, மாலையில் ₹1,820 அளவில் முடிந்தது. அடுத்த சில மாதங்கள் இன்னும் இறங்கியது, 2025 நடுவில் வெளியீட்டு விலையைத் தாண்டி மேலே போனது. அவன் சொன்னபடியே வைத்திருந்தான், இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறான். சிரிக்கட்டும். லிஸ்டிங் லாபத்துக்காகப் போட்டவர்கள் அக்டோபரிலேயே விற்றுவிட்டு ஓடியிருப்பார்கள், அவன் வேறு காரணத்துக்காகப் போட்டவன்.

இப்போது என் சொந்த வயிற்றெரிச்சல். பெயர் வேண்டாம். சிறு நிறுவனங்களுக்கென்று எஸ்எம்இ என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது, அதில் 2023இல் ஒன்று போட்டேன். பங்கு ₹102, லாட் 1,200 பங்கு, ₹1,22,400. கிரே மார்க்கெட்டில் 60 ரூபாய் கூடுதலாக ஓடுகிறது என்று டெலிகிராம் குழுவில் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். கிரே மார்க்கெட் என்பது எந்தச் சட்டத்துக்கும் உட்படாத வாய்ப்பேச்சு வியாபாரம். அந்த எண்ணை யார் சொன்னார், எத்தனை பங்குக்கு, யாருக்கும் தெரியாது, நாலு பேர் சேர்ந்து ஏற்றிவிட நினைத்தால் ஏற்றலாம். எனக்கு விழுந்தது. லிஸ்டிங்கில் ₹110. இன்னும் ஏறும் என்று காத்திருந்தேன். மறுநாளிலிருந்து தினமும் 5 சதவீதம் இறங்கி அங்கேயே பூட்டிக்கொள்ளும், வாங்க ஆளே இருக்காது. எஸ்எம்இயில் ஒன்றிரண்டு பங்கு என்று விற்க முடியாது, முழு லாட்டையும் ஒரே ஆள் வாங்க வேண்டும். கடைசியில் ₹71க்கு வெளியே வந்தேன். ₹37,200 போச்சு.

நஷ்டத்தைவிட எனக்கு உறுத்தியது, அதற்கப்புறம் அந்த ஆவணத்தைத் திறந்து பார்த்ததுதான். விற்பனை ஒரே வருடத்தில் ₹40 கோடியிலிருந்து ₹70 கோடி. அட்டகாசம். ஆனால் வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி ₹9 கோடியிலிருந்து ₹31 கோடி. கூடுதலாக விற்றது 30, அதில் 22 இன்னும் கைக்கு வரவில்லை. லாபம் ₹6 கோடி என்று போட்டிருந்தார்கள், தொழிலிலிருந்து வந்த ரொக்கம் மைனஸில் இருந்தது. நான் தினமும் அலுவலகத்தில் பார்க்கும் கணக்கு இது, எங்கள் முதலாளி ஒரு பையர் அறுபது நாள் தாண்டிவிட்டால் என்னைப் பிய்த்து எடுப்பார். அதே கண்ணோடு பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும். ஐபிஓவுக்கு முந்தைய ஒரே ஒரு வருடத்தில் மட்டும் விற்பனையும் லாபமும் திடீரென்று எகிறி, பாக்கியும் கூடவே எகிறியிருந்தால், இப்போது நான் அந்தப் பக்கத்தோடு மூடிவிடுவேன். எஸ்எம்இயில் இப்போது குறைந்தபட்ச விண்ணப்பமே இரண்டு லட்சத்துக்கு மேல் என்று செபி ஆக்கிவிட்டது, எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

விண்ணப்பிக்கும் வேலையிலும் சில தப்புகள் செய்திருக்கிறேன், அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஐபிஓவுக்குப் பணம் கட்டுவது கிடையாது, நம் வங்கிக் கணக்கிலேயே அந்தத் தொகையை முடக்கி வைப்பார்கள். விழுந்தால் எடுத்துக்கொள்வார்கள், விழாவிட்டால் விடுவிப்பார்கள். அதுவரை வட்டி நமக்குத்தான். புரோக்கர் செயலியில் போட்டால் யுபிஐ வழியாக ஒரு மேண்டேட் வரும், அதை நாம் ஏற்று பின் நம்பர் போட்டால்தான் விண்ணப்பம் செல்லும். கடைசி நாள் மாலை 5 மணிக்குள் ஏற்க வேண்டும். ஒரு முறை மதியம் மூன்றரைக்குப் போட்டுவிட்டு ஷிப்மென்ட் வேலையில் மூழ்கிவிட்டேன், மேண்டேட் தாமதமாக வந்திருக்கிறது, நான் பார்த்தபோது ஐந்தே கால். போச்சு. அதிலிருந்து நெட் பேங்கிங்கில் இருக்கும் அஸ்பா வழியாகத்தான் போடுகிறேன். அதில் வங்கியே நேரடியாக முடக்கிவிடும், மேண்டேட் என்ற தொல்லையே இல்லை.

இன்னொரு முறை அம்மாவின் டீமேட்டுக்கு என் யுபிஐ ஐடியைக் கொடுத்தேன். விண்ணப்பம் தள்ளுபடி. பான் எண் யாருடையதோ, வங்கிக் கணக்கும் அவருடையதாகவே இருக்க வேண்டும். ஒரே பான் எண்ணில் இரண்டு டீமேட்டிலிருந்து போட்டாலும் தள்ளுபடிதான். வீட்டில் மூன்று பேருக்குத் தனித்தனி பான், டீமேட், வங்கிக் கணக்கு இருந்தால் மூன்று சீட்டு. வாய்ப்பைக் கூட்ட நேர்மையான வழி அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஐபிஓவுக்கு வரும் நிறுவனத்தின் தாய் நிறுவனம் ஏற்கனவே சந்தையில் இருந்தால், சில சமயம் அதன் பங்குதாரர்களுக்கென்று தனிக் கூடை ஒதுக்குவார்கள். டாடா டெக்னாலஜிஸில் டாடா மோட்டார்ஸ் பங்குதாரர்களுக்கு இருந்தது, 2024இல் வந்த பஜாஜ் ஹவுசிங் ஃபைனான்ஸிலும் இருந்தது. தாய் நிறுவனத்தின் ஒரே ஒரு பங்கு இருந்தாலும் போதும், அந்தக் கூடையிலும் போடலாம், வழக்கமான நம் கூடையிலும் போடலாம், இரட்டை விண்ணப்பம் என்று தள்ளமாட்டார்கள். ஆனால் ஆர்ஹெச்பி தாக்கலாகும் தேதியில் அந்தப் பங்கு உங்கள் டீமேட்டில் இருக்க வேண்டும். ஐபிஓ தேதி அறிவித்த பிறகு ஓடிப்போய் வாங்கினால் பெரும்பாலும் பிந்திவிடும், நான் ஒரு முறை பிந்தினேன்.

விலைப் பெட்டியில் கட்-ஆஃப் என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், இறுதி விலை எதுவாக இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம். கீழ் விலையைப் போட்டு சாமர்த்தியம் காட்டினால், இறுதி விலை மேலே முடியும்போது குலுக்கலுக்கே நீங்கள் வரமாட்டீர்கள்.

எப்போது போடுவது? முதல் நாள் போட்டால் கூடுதல் வாய்ப்பு என்பது கட்டுக்கதை. வழக்கமாக மூன்று நாள் திறந்திருக்கும். நான் மூன்றாம் நாள் மதியம் வரை காத்திருப்பேன், பங்குச் சந்தைத் தளத்தில் எந்தக் கூடை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று நேரடியாகத் தெரியும். பெரிய கைகள் பெரும்பாலும் கடைசி நாளில்தான் வருவார்கள். மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கும் அவர்கள் கூடை காலியாகவே இருந்தால், ஆர்ஹெச்பியில் நான் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டேனா என்று மறுபடி யோசிப்பேன். அவர்கள் நிறையக் கேட்டுவிட்டதாலேயே நல்ல நிறுவனம் என்றும் நம்புவதில்லை, ஹூண்டாயில் பார்த்தோமே. முதல் நாள் போட்டிருந்தாலும் மூடும் வரை ரீட்டெய்ல்காரர் விண்ணப்பத்தை ரத்து செய்யலாம், அதையும் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

மூடிய மறுநாள் மாலை ஒதுக்கீடு முடிவாகும், பதிவாளர் தளத்தில் பான் எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அதற்கு அடுத்த நாள் விழாதவர்களுக்குப் பணம் விடுபடும், விழுந்தவர்களுக்கு டீமேட்டில் பங்கு வரும். மூன்றாவது வேலை நாள் லிஸ்டிங். முன்பு ஆறு நாள் ஆகும், 2023 டிசம்பரிலிருந்து எல்லாவற்றுக்கும் மூன்று நாள் கட்டாயம்.

லிஸ்டிங் அன்று காலை 9 மணியிலிருந்து 9.45 வரை ஆர்டர் மட்டும் வாங்குவார்கள், அதை வைத்துத் தொடக்க விலை முடிவாகும், 10 மணிக்கு வியாபாரம் தொடங்கும். விற்பது என்று முடிவு செய்திருந்தால் எந்த விலைக்கு என்பதை முந்தைய இரவே நோட்டில் எழுதிவிடுகிறேன். பத்து மணிக்கு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு எடுக்கும் முடிவு எதுவும் எனக்கு நன்றாக அமைந்ததில்லை. வைத்திருப்பது என்றால் மூன்று தேதிகளைக் குறித்து வைப்பேன். ஐபிஓவுக்கு முந்தின நாளே மொத்தமாக வாங்கிய ஆங்கர் முதலீட்டாளர்களின் பங்குகளில் பாதிக்கு, விற்கக் கூடாது என்ற பூட்டு 30 நாளில் திறந்துகொள்ளும், மீதிக்கு 90 நாளில். ஆறு மாதத்தில் பழைய பங்குதாரர்களில் பலருக்கும் பூட்டு திறக்கும். அந்த நாட்களை ஒட்டி விற்பனை அழுத்தம் வந்தால் நிறுவனத்தில் ஏதோ கோளாறு என்று பதறத் தேவையில்லை. நிறுவனம் பிடித்து, ஐபிஓவில் கிடைக்காமல் போனால் அந்தச் சமயத்தில் சந்தையிலேயே வாங்கலாம், எனக்கு அப்படி வாங்கிய இரண்டு பங்குகள் இருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி போகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், லிஸ்டிங் லாபம் பேசும் யாரும் அதைச் சொல்வதில்லை.

இந்த வருடம் நோட்டில் நான்கு வரிதான் ஏறியிருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறேன், விண்ணப்பிக்கும் முன் நிரப்ப வேண்டியது: ‘விழுந்தால் வைத்திருப்பேனா?’ நான்கிலும் ‘ஆம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. விழுந்தது ஒன்று. அது இப்போது வெளியீட்டு விலைக்கு எட்டு ரூபாய் கீழே இருக்கிறது, இன்னும் விற்கவில்லை.